கடை திறந்த பிறகு எந்த ரோல்பேக்? நான்கு வழிகள், ஒரு கூட்டக் குறிப்பு

பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகம் வைத்திருக்கும் ஒரு பலசரக்குக் கடைக் குழுமத்தின் கணினிப் பிரிவில் வேலை செய்கிறேன். அம்பாசமுத்திரம், தென்காசி, வள்ளியூர் என்று 11 கிளைகள். நேரலையில் ஓடும் மென்பொருளில் எதைத் தொட வேண்டுமென்றாலும் வியாழக்கிழமை கூடும் மாற்ற ஆலோசனைக் குழுவின் ஒப்புதல் வேண்டும். அந்தக் கூட்டத்தின் குறிப்பை எழுதுவது என் பொறுப்பு.

இதே வேலையில் இருக்கும் நண்பர்கள் என்னிடம் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. "மாற்றக் கோரிக்கையில் ரோல்பேக் என்ற கட்டத்தில் 'பேக்கப்பிலிருந்து மீட்போம்' என்று ஒருவர் எழுதுகிறார், 'மறுதலை ஸ்கிரிப்ட் தயார்' என்று இன்னொருவர் எழுதுகிறார். எதை நம்பிக் கையெழுத்துப் போடுவது?" பொதுவாகப் பதில் சொன்னால் யாருக்கும் பயன்படாது. எங்கள் குழு 2025 செப்டம்பரில் முதலில் மறுத்து, பிறகு ஏற்ற ஒரு மாற்றத்தை வைத்தே, மாற்றம் தவறினால் பழைய நிலைக்குத் திரும்பும் நான்கு வழிகளையும் எடை போடுகிறேன்.

மாற்றம் என்ன?

2025 செப்டம்பர் 3ஆம் தேதி ஜி.எஸ்.டி. கவுன்சில் புதிய வரி விகிதங்களை அறிவித்தது. 22ஆம் தேதி திங்கட்கிழமை முதல் அமல். சோப்பு, ஷாம்பு, பிஸ்கட் எல்லாம் 18 சதவீதத்திலிருந்து 5க்கு இறங்கின. நெய் 12லிருந்து 5க்கு வந்தது. நோட்டுப் புத்தகத்துக்கும் பென்சிலுக்கும் வரியே இல்லை என்றானது.

எங்கள் பில்லிங் மென்பொருளில் பழைய குறை ஒன்று இருந்தது. பில்லின் மொத்த வரித்தொகை பில்லில் பதிவாகும். ஆனால் ஒவ்வொரு பொருளுக்கும் எந்த விகிதம் என்பது பில்லில் பதிவாகாது. அச்சிடும்போது பொருள் பட்டியலிலிருந்து எடுத்துக்கொள்ளும். பட்டியலில் சோப்பின் விகிதத்தை 5 என்று மாற்றிவிட்டால், ஆகஸ்டு மாதம் போட்ட சோப்பு பில்லை மறுபடி அச்சிட்டாலும் 5 என்றே வரும், மொத்தத் தொகையோடு பொருந்தாது. ஆகவே பில்லில் உள்ள ஒவ்வொரு பொருளின் பதிவிலும் விகிதத்தைச் சேமிக்கத் தரவுத்தள அட்டவணையில் ஒரு புதிய பத்தி சேர்க்க வேண்டும், பழைய 90 லட்சம் பதிவுகளுக்கும் அதை நிரப்ப வேண்டும், பிறகு 21ஆம் தேதி இரவு பட்டியலை மாற்ற வேண்டும்.

11ஆம் தேதிக் கூட்டத்துக்கு இது ஒரே கோரிக்கையாக வந்தது. ஆபத்து மதிப்பீடு: "குறைவு". ரோல்பேக்: "பேக்கப்". குழு அதை மறுத்தது. மறுத்த காரணம் கீழே தானாகவே வரும்.

## எதைக் கொண்டு எடை போடுவது

ரோல்பேக் திட்டத்தைப் பார்க்கும்போது நான் நான்கு கேள்விகளைத்தான் கேட்கிறேன்.

முதலாவது, திரும்புவதற்கு எவ்வளவு நேரம் பிடிக்கும்? ஊகித்த நேரத்தைக் குறிப்பில் ஏற்ற மாட்டேன்; ஒத்திகையில் கடிகாரம் பார்த்து எழுதிய நேரம் வேண்டும்.

இரண்டாவது, மாற்றம் நடந்த பிறகு வந்த தரவு என்னவாகும்? இரவு பத்து மணிக்கு இந்தக் கேள்விக்கு இடமே இல்லை, ஏனென்றால் கடை மூடியிருக்கிறது. காலை எட்டு மணிக்குக் கேட்க வேண்டிய முதல் கேள்வியே இதுதான்.

மூன்றாவது, கணினிக்கு வெளியே போனது என்ன? வாடிக்கையாளரின் பையில் இருக்கும் பில்லை எந்தக் கட்டளையாலும் திரும்ப அழைக்க முடியாது. ஜி.எஸ்.டி. விதி 46இன்படி பில் எண் தொடர்ச்சியாக வர வேண்டும். ஒரு நிதியாண்டுக்குள் அதே எண் மறுபடி வரக் கூடாது. ரோல்பேக் பற்றிப் பேசும்போது கணினிக்காரர்கள் மறந்துவிடுவதும், கணக்குப்பிரிவு முதலில் கேட்பதும் இதைத்தான்.

நான்காவது, திரும்பிப் போகிற நிலை இன்னும் சரியான நிலையா? இது எங்கள் மாற்றத்தில் மட்டும் முளைத்த கேள்வி என்று முதலில் நினைத்தேன். இல்லை, தேதியோடு கட்டப்பட்ட எல்லா மாற்றத்துக்கும் உண்டு. 22ஆம் தேதி நள்ளிரவுக்குப் பிறகு "பழைய நிலைக்குத் திரும்பிவிட்டோம்" என்றால், சட்டப்படி தவறான வரியில் பில் போடுகிறோம் என்று பொருள்.

## வழி ஒன்று: பேக்கப்பிலிருந்து மீட்பது

இதில் ஒரு பெரிய நிம்மதி உண்டு. மாற்றம் எதைக் கெடுத்தது என்று தெரியாவிட்டாலும் பரவாயில்லை, எல்லாமே முந்தைய நொடிக்குப் போய்விடும். பழைய பதிவுகளை நிரப்பும் ஸ்கிரிப்ட் பாதியில் தவறாக எழுதி, எந்தப் பதிவு சரி எந்தப் பதிவு தவறு என்றே பிரிக்க முடியாமல் போனால் இதைவிட நல்ல வழி கிடையாது.

ஆனால் பேக்கப் இருக்கிறது என்பது வேறு, அதிலிருந்து மீட்க முடியும் என்பது வேறு. 2017 ஜனவரி 31 அன்று கிட்லேப் நிறுவனத்தில் ஒரு பொறியாளர் தவறான சர்வரில் தரவுத்தளக் கோப்பகத்தை அழித்துவிட்டார். பேக்கப்புக்கென்று வைத்திருந்த பல ஏற்பாடுகளில் ஒன்றும் எதிர்பார்த்தபடி கைகொடுக்கவில்லை. தரவுத்தளம் ஒரு பதிப்பு, பேக்கப் எடுக்கும் கருவி பழைய பதிப்பு. அதனால் பேக்கப் பல நாளாகச் சத்தமில்லாமல் தோற்றுக்கொண்டிருந்தது. தற்செயலாக ஆறு மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு நகல்தான் அவர்களைக் காப்பாற்றியது. அதைத் தாங்களே வெளிப்படையாக எழுதினார்கள். எங்கள் குழு அன்றிலிருந்து "பேக்கப் எடுக்கப்படும்" என்ற வாக்கியத்தை ஏற்பதில்லை. "இந்தத் தேதியில் இந்தச் சோதனைச் சர்வரில் மீட்டுப் பார்த்தோம், இவ்வளவு நேரம் ஆனது" என்று இருக்க வேண்டும்.

நாங்கள் மீட்டுப் பார்த்தபோது 2 மணி 10 நிமிடம் ஆனது. அதில் பாதிக்கு மேல் இண்டெக்ஸ்களை மறுபடி கட்டுவதற்கே போனது. மீட்ட பிறகு பழைய மென்பொருளிலேயே புதிய விகிதங்களை ஏற்ற 15 நிமிடம், சரிபார்க்க 20 நிமிடம். மொத்தம் 2 மணி 45 நிமிடம். கடை 7 மணிக்குத் திறக்கும். ஆக, இந்த வழியைத் தேர்ந்தெடுக்கக் கடைசி நேரம் அதிகாலை 4.15. அதற்குப் பிறகு இது ரோல்பேக் திட்டமே அல்ல.

11ஆம் தேதி வந்த கோரிக்கையில் இந்த 4.15 இல்லை. காலை 9 மணிக்குத் தவறு தெரிந்து பேக்கப்பை மீட்டால் என்ன ஆகும் என்று கணக்குப்பிரிவு அண்ணாச்சி கேட்டார். தென்காசிக் கிளையில் அதுவரை `TEN/2526/014871` வரை பில் போயிருக்கும். மீட்ட தரவுத்தளத்துக்கு முந்தின நாளின் கடைசி எண்தான் தெரியும். அது மறுபடி அங்கிருந்து எண்ணத் தொடங்கும். இரண்டு வாடிக்கையாளரிடம் ஒரே எண்ணில் இரண்டு பில்.

மறைந்திருக்கும் இன்னொரு செலவும் உண்டு. 2023 டிசம்பர் வெள்ளத்தில் தாமிரபரணி கரை புரண்டு ஜங்ஷன் பகுதியே நீரில் நின்ற நாட்களுக்குப் பிறகு, இணைப்பு அறுந்தாலும் கவுண்டர் தனியே பில் போடும் வசதியைச் செய்தோம். இணைப்பு வந்ததும் அந்த பில்கள் தலைமைச் சர்வருக்கு வந்து சேரும். பேக்கப்பை மீட்ட சர்வருக்குக் கவுண்டரில் காத்திருக்கும் பில்களைப் பற்றி ஒன்றும் தெரியாது. அவை வந்து மோதும்போது எது அசல், எது இரட்டிப்பு என்று பிரிக்கும் வேலை பல நாள் இழுக்கும்.

## வழி இரண்டு: மறுதலை ஸ்கிரிப்ட்

சேர்த்ததை நீக்கு, மாற்றியதைத் திருப்பு. கேட்க ஒழுங்காக இருக்கிறது. சில நிமிடத்தில் முடியும். 11ஆம் தேதிக் கோரிக்கையின் இணைப்பில் இருந்த ஸ்கிரிப்ட் இதுதான்:

```sql
UPDATE items SET gst_rate = 18 WHERE gst_rate = 5;
ALTER TABLE bill_items DROP COLUMN gst_rate;
```

முதல் வரியைப் பாருங்கள். 18இல் இருந்த சோப்பு 5க்கு வந்தது, சரி. ஆனால் தேயிலை, சர்க்கரை, சமையல் எண்ணெய் எல்லாம் முன்பிருந்தே 5இல்தான் இருக்கின்றன. இந்த வரியை ஓட்டினால் அவையும் 18க்கு ஏறிவிடும். 12இலிருந்து 5க்கு வந்த நெய்யும் 18க்குப் போகும். பல ஓடைகள் ஒரு குளத்தில் கலந்த பிறகு எந்தத் தண்ணீர் எந்த ஓடையிலிருந்து வந்தது என்று குளத்தைப் பார்த்துச் சொல்ல முடியாது. பழைய விகிதத்தைத் தனியே எழுதி வைக்காத மறுதலை ஸ்கிரிப்ட் திருப்பவே முடியாத ஒன்றைத் திருப்புவதாகச் சொல்கிறது.

இதற்கு மருந்து ஒரே வரி. மாற்றத்துக்கு முன்பு ஓட்ட வேண்டியது:

```sql
CREATE TABLE items_rate_20250921 AS
SELECT id, gst_rate FROM items;
```

சில ஆயிரம் பொருள்கள். ஒரு நொடிக்குள் முடிகிறது. ஒரு பொருளின் விகிதம் தவறாக ஏறிவிட்டால் முன்பு என்ன இருந்தது என்று பார்க்கவும் இதுவே உதவுகிறது. அப்படித் தவறும் வாய்ப்பு நிறைய இருந்தது. மூலக் கோரிக்கையில் "28 எல்லாம் 18 ஆகும்" என்று ஒரு வரி இருந்தது. பீடிக்கு 22ஆம் தேதி விகிதம் மாறவில்லை. குளிர்பானம் 40க்குப் போனது. பீடி சுற்றும் முக்கூடலும் மேலப்பாளையமும் பக்கத்தில் இருக்கும் ஊரில், பீடிக் கட்டு விற்காத கிளை எங்களிடம் இல்லை.

ஸ்கிரிப்ட்டின் இரண்டாவது வரி இன்னும் மோசம். புதிய பத்தியை நீக்குவது இரவில் தீங்கற்றது. காலையில் நூறு பில் போன பிறகு அதை நீக்கினால், அந்த நூறு பில்லிலும் எந்த விகிதத்தில் வரி போட்டோம் என்ற பதிவே அழிகிறது. ஒரே கட்டளை, இரவில் துப்புரவு, பகலில் சாட்சியை அழிக்கும் வேலை.

புதிதாகச் சேர்த்ததைத் திருப்ப, அதில் இன்னும் யாரும் எழுதாதபோது, மறுதலை ஸ்கிரிப்ட் மிக நல்ல வழி. அமைப்புக் கோப்பின் ஒரு மதிப்பை மாற்றுவது, ஒரு இண்டெக்ஸைச் சேர்ப்பது போன்றவற்றுக்கு இதுவே போதும். பேக்கப்பை இழுத்து வர வேண்டியதில்லை.

## வழி மூன்று: தரவை விட்டுவிட்டு மென்பொருளை மட்டும் திருப்புவது

புதிய பத்தி அப்படியே இருக்கட்டும். பழைய மென்பொருள் பதிப்பை மட்டும் கவுண்டர்களுக்குத் திருப்பி அனுப்புவோம். ஒத்திகையில் 10 நிமிடம். பழைய பதிப்பு புதிய பத்தியைக் கண்டுகொள்ளாது. பொருள் பட்டியலிலிருந்து புதிய விகிதத்தை எடுத்து பில் போடும். பில் சரியாக இருக்கும், எண் வரிசை அறுபடாது, வந்த பில் ஒன்றும் போகாது. மறு அச்சில் மட்டும் பழைய குறை திரும்பி வரும். அதைச் சில நாள் பொறுத்துக்கொள்ளலாம்.

கடை திறந்திருக்கும் நேரத்துக்கு நான் முதலில் தேடுவது இந்த வழியைத்தான். ஆனால் இது இலவசமாகக் கிடைப்பதில்லை. மாற்றத்தை வடிவமைக்கும்போதே இதற்கு இடம் விட்டிருக்க வேண்டும். எங்கள் மூலக் கோரிக்கையில் புதிய பத்தி `NOT NULL` என்று இருந்தது. அதாவது அந்தப் பத்தியில் மதிப்பு இல்லாமல் எந்தப் பதிவையும் தரவுத்தளம் ஏற்காது. பழைய பதிப்புக்கு அந்தப் பத்தி இருப்பதே தெரியாது. அது அனுப்பும் ஒவ்வொரு பில்லும் நிராகரிக்கப்படும். ஒரே ஒரு சொல்லால் மூன்றாவது வழி முழுதாக அடைபட்டிருந்தது. அதை நீக்கச் சொன்னோம். கட்டாயத்தைப் பல வாரம் கழித்து, எல்லாம் நிலைத்த பிறகு சேர்த்துக்கொள்ளலாம்.

சேர்க்கும் கட்டளையிலும் ஒரு நுணுக்கம் உண்டு. எங்கள் தரவுத்தளமான போஸ்ட்கிரஸில் வெறும் பத்தியைச் சேர்ப்பது கண்சிமிட்டும் வேலை. ஆனால் அந்தக் கண்சிமிட்டலுக்கு அட்டவணை முழுவதையும் பூட்ட வேண்டும். யாராவது மாத அறிக்கையை ஓட்டிக்கொண்டிருந்தால் கட்டளை அதற்காகக் காத்து நிற்கும். அதன் பின்னால் எல்லா பில்லும் வரிசையில் நிற்கும். அதனால் ஐந்து நொடியில் பூட்டு கிடைக்காவிட்டால் விட்டுவிடச் சொல்கிறோம்:

```sql
SET lock_timeout = '5s';
ALTER TABLE bill_items ADD COLUMN gst_rate numeric(5,2);
```

மூன்றாவது வழியின் உண்மையான ஆபத்து கலப்புப் பதிப்பு: சில இயந்திரத்தில் புதியது, சிலவற்றில் பழையது. 2012 ஆகஸ்டு 1 அன்று அமெரிக்கப் பங்குத் தரகு நிறுவனமான நைட் கேப்பிட்டலில் எட்டு சர்வர்களில் ஏழுக்குத்தான் புதிய நிரல் போயிருந்தது. எட்டாவதில் கிடந்த பழைய நிரல் தாறுமாறாகப் பங்கு வாங்கியது. காரணம் புரியாமல் ஏழு சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை எடுத்தார்கள்; அதாவது ரோல்பேக் செய்தார்கள். கோளாறான பழைய நிரல் எட்டிலும் ஓடத் தொடங்கியது. சுமார் 45 நிமிடத்தில் 44 கோடி டாலருக்கு மேல் இழப்பு. எந்த இயந்திரத்தில் எந்தப் பதிப்பு என்ற பட்டியல் கையில் இல்லாமல் மென்பொருளைத் திருப்பக் கூடாது என்று அந்தக் காலை காட்டியது.

## வழி நான்கு: திரும்பாமல் முன்னோக்கித் திருத்துவது

தவறு என்ன என்று தெரிந்து, திருத்தம் சிறியதாக இருந்தால், திரும்பாமல் அந்த இடத்தை மட்டும் சரிசெய்வது. ஒரு பொருளின் விகிதம் தவறு என்றால் அந்த ஒரு பொருளைத் திருத்தினால் போதும்.

இதை ரோல்பேக் கட்டத்தில் எழுத அனுமதிக்கலாமா என்பதில் எங்கள் குழுவில் நீண்ட நாள் வாக்குவாதம் இருந்தது. "வந்தால் பார்த்துக்கொள்வோம்" என்பதன் நாகரிகமான வடிவமாக இது ஆகிவிடும் என்ற பயம் நியாயமானது. நான் ஏற்பது மூன்று விவரங்களோடு வந்தால் மட்டும்: தவறைக் கண்டுபிடிக்கும் வினவல் முன்கூட்டியே எழுதப்பட்டிருக்க வேண்டும், திருத்தத்தை ஓட்டுபவர் அந்த நேரத்தில் இருக்கையில் இருக்க வேண்டும், எவ்வளவு நிமிடத்தில் சரியாகாவிட்டால் மூன்றாவது வழிக்கு மாறுவது என்ற எல்லை வேண்டும்.

செலவும் கணினிக்கு வெளியேதான். தவறான வரியில் போன பில்லை அழிக்க முடியாது. ஜி.எஸ்.டி. சட்டத்தின் 34ஆம் பிரிவின்படி கிரெடிட் நோட் போட வேண்டும். அதிகமாக வசூலித்த வரியைக் கடை வைத்துக்கொள்ளவும் முடியாது, அரசுக்குக் கட்டியாக வேண்டும். ஆகவே ஒவ்வொரு நிமிடத் தாமதமும் கணக்குப்பிரிவுக்கு இத்தனை நோட்டு என்று எண்ணிச் சொல்லிவிடலாம்.

## ஒரே பார்வையில்

| | பேக்கப் மீட்பு | மறுதலை ஸ்கிரிப்ட் | மென்பொருள் மட்டும் | முன்னோக்கித் திருத்தம் |
|---|---|---|---|---|
| எங்கள் ஒத்திகை நேரம் | 2 மணி 45 நிமிடம் | சில நிமிடம் | 10 நிமிடம் | தவறைப் பொறுத்தது |
| வந்த பில்கள் | போய்விடும் | விகிதப் பதிவு போய்விடும் | இருக்கும் | இருக்கும் |
| பில் எண் | இரட்டிப்பாகும் | பாதிப்பில்லை | பாதிப்பில்லை | பாதிப்பில்லை |
| மறைந்த செலவு | கவுண்டரில் காத்திருக்கும் பில்கள் | பழைய மதிப்பை முன்பே சேமிக்க வேண்டும் | கலப்புப் பதிப்பு. பத்தி காலியாக இருக்க இடம் வேண்டும் | கிரெடிட் நோட் |
| எதுவரை செல்லும் | அதிகாலை 4.15 | முதல் பில் வரை | எப்போதும் | தவறு தெளிவாகத் தெரிந்தால் |

இந்த அட்டவணையின் கடைசி வரிசைதான் மற்ற எல்லாவற்றையும் முடிவு செய்தது. நான்கில் எது சிறந்தது என்று கேட்டுக்கொண்டிருந்த வரை குழுவுக்குள் சண்டை தீரவில்லை. எந்த மணி வரை எது என்று கேட்டதும் கால் மணி நேரத்தில் முடிந்தது.

## குறிப்பில் ஏறியது

ஒரே கோரிக்கையை மூன்றாகப் பிரித்தோம். பத்தியைச் சேர்ப்பது ஒன்று, புதிய மென்பொருள் பதிப்பும் பழைய பதிவுகளை நிரப்புவதும் இன்னொன்று, விகித மாற்றம் மூன்றாவது. முதல் இரண்டும் ஒரு வாரத்துக்குள் அமைதியாக முடிந்தன. அரசின் இறுதி அறிவிக்கை 17ஆம் தேதி வந்தது. மூன்றாவது 18ஆம் தேதிக் கூட்டத்துக்கு வந்தது. குறிப்பின் அந்தப் பகுதி:

> பொருள்: பொருள் பட்டியலில் ஜி.எஸ்.டி. விகித மாற்றம். நேரம்: 21-09-2025 இரவு 10.30.
> ஆபத்து: நிகழும் வாய்ப்பு 3, பாதிப்பு 5, பெருக்கினால் 15, "அதிகம்". காரணம்: 11 கிளைகளும் ஒரே நேரத்தில் பாதிக்கப்படும், கொலு வியாபாரத்தின் முதல் நாள்.
> ரோல்பேக் அ (அதிகாலை 4.15 வரை): பேக்கப் மீட்பு, அதன்பின் பழைய பதிப்பில் விகித ஏற்றம். முடிவெடுப்பவர்: தரவுத்தளப் பொறுப்பாளர்.
> ரோல்பேக் ஆ (4.15க்குப் பிறகு): முன்னோக்கித் திருத்தம்; 20 நிமிடத்தில் தீராவிட்டால் மென்பொருள் மட்டும் திரும்பும். பேக்கப் மீட்பு தடை. முடிவெடுப்பவர்: கணக்குப்பிரிவு மேலாளர்.
> நிபந்தனை: பழைய விகித நகல் எடுக்கப்பட்டதைத் தொடங்கும் முன் காட்ட வேண்டும்.
> முடிவு: நிபந்தனையுடன் ஏற்பு.

முடிவெடுப்பவர் இரண்டு பேர் என்பதைக் கவனியுங்கள். இரவில் கேள்வி தரவைப் பற்றியது. பகலில் வரியைப் பற்றியது. கணக்குப்பிரிவு மேலாளர் முதலில் தயங்கினார். 21ஆம் தேதி மகாளய அமாவாசை; அதிகாலையே பாபநாசத்துக்குத் தர்ப்பணம் கொடுக்கப் போய்விட்டு இரவு தாமதமாகத்தான் வீடு திரும்புவார். "நள்ளிரவில் என்னை எழுப்பாதீர்கள், நாலேகாலுக்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் எழுப்புங்கள்" என்றார். அந்தப் பிரிப்பு அவருக்கும் வசதியாகப் போயிற்று.

## திங்கட்கிழமை காலை

இரவு மாற்றம் சுத்தமாக முடிந்தது. 4.15 கடந்தது, ரோல்பேக் அ காலாவதி என்று பதிவேட்டில் எழுதினோம். 7.30க்கு முதல் சரிபார்ப்பு: பில்லில் பதிந்த விகிதமும் பட்டியலின் விகிதமும் வேறுபடும் பதிவுகள் உண்டா? நாங்கள் எழுதி வைத்திருந்த வினவலில் ஒப்பிடும் குறி `<>`. விடை பூஜ்யம்.

பூஜ்யத்தைப் பார்த்து நிம்மதியாக இருந்தேன். பக்கத்தில் இருந்த இளைய பொறியாளர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். "அண்ணாச்சி, பத்தி காலியாக இருந்தால் இந்தக் குறி அதைக் காட்டாதே" என்றார். காலி மதிப்பை எதோடு ஒப்பிட்டாலும் விடை உண்மையும் இல்லை, பொய்யும் இல்லை. அந்தப் பதிவு வினவலின் விடையிலிருந்து நழுவிவிடும். அவர் ஒரு இடத்தை மாற்றி மறுபடி ஓட்டினார்:

```sql
SELECT b.branch, count(*)
FROM bill_items b JOIN items i ON i.id = b.item_id
WHERE b.bill_date >= '2025-09-22'
  AND b.gst_rate IS DISTINCT FROM i.gst_rate
GROUP BY b.branch;
```

வள்ளியூர், 112 பதிவுகள். எல்லாவற்றிலும் விகிதம் காலி.

கொலுக் கூட்டத்துக்காக வள்ளியூர்க் கிளையில் பரணில் கிடந்த உபரி கவுண்டரை அன்று காலை இறக்கி வைத்திருந்தார்கள். புதிய பதிப்பு அனுப்பப்பட்ட வாரத்தில் அது அணைந்து கிடந்தது. பட்டியலை இறக்க முயன்று, இணைப்பு மந்தமாக இருந்ததால், தன்னிடம் இருந்த பழைய பட்டியலிலேயே பில் போட்டிருக்கிறது. பில்லின் மொத்த வரித்தொகையைப் பார்த்தபோது சோப்புக்கு 18 போட்டிருப்பது தெரிந்தது. பத்தி கட்டாயம் என்று இருந்திருந்தால் இந்த பில்கள் சர்வருக்கே வந்திருக்காது. கவுண்டருக்குள்ளேயே தேங்கி, மாதக் கணக்கு முடிக்கும்போதுதான் வெளியே வந்திருக்கும்.

கணக்குப்பிரிவு மேலாளரை அழைத்தோம். கிளை ஒன்று, கவுண்டர் ஒன்று, காரணம் தெரியும். ஆகவே முன்னோக்கித் திருத்தம் என்று முடிவு சொன்னார். கவுண்டரை நிறுத்தி, பதிப்பும் பட்டியலும் ஏற்றி, 8.05க்குத் திறந்தோம். அதற்குள் 31 பில் போயிருந்தது. விகிதம் மாறிய பொருள் இருந்தவை 26. அதில் 19 பேர் கைபேசி எண் கொடுத்திருந்த வாடிக்கையாளர்கள். கிரெடிட் நோட் போட்டு வித்தியாசத்தைத் திருப்பிக் கொடுத்தோம். மீதி 7 பில்லின் வரியை அப்படியே கட்டினோம். மற்ற பத்துக் கிளைகளில் ஒரு பில்லைக்கூடத் தொடவில்லை.

## உங்கள் மாற்றம் வேறு மாதிரி என்றால்

எங்களுடையது பகல் முழுக்க எண் வரிசையோடு ஆவணம் வெளியே போகும் தொழில். அதனால் பேக்கப் மீட்புக்கு இவ்வளவு குறுகிய ஆயுள். ஒரு கல்லூரியின் நூலகப் பட்டியல், ஒரு ஆலையின் உள் அறிக்கைச் சர்வர் போன்றவற்றில் ஒரு நாள் பதிவை மறுபடி கையால் ஏற்றிவிட முடியும். அங்கே பேக்கப் மீட்பையே முதல் திட்டமாக ஏற்பேன், மற்றவற்றுக்காக வடிவமைப்பைச் சிக்கலாக்கச் சொல்ல மாட்டேன். சர்வரின் இயங்குதளத்தைப் புதுப்பிக்கும் மாற்றத்துக்கு முழு இயந்திர நகல் போதும். ஆனால் அதைச் சில நாளுக்கு மேல் வைத்திருந்தால் வட்டு நிரம்பும், வேகம் குறையும். வைத்திருக்கும் கெடுவையும் அதே குறிப்பில் எழுதிவிடுங்கள்.

மைஎஸ்கியூஎல் வைத்திருப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. போஸ்ட்கிரஸில் அட்டவணை அமைப்பை மாற்றும் பெரும்பாலான கட்டளைகளைப் பரிவர்த்தனைக்குள் வைத்து, பாதியில் தோற்றால் முழுதும் இல்லாமல் ஆக்கலாம். மைஎஸ்கியூஎல்லில் அப்படிப்பட்ட ஒவ்வொரு கட்டளையும் ஓடிய நொடியிலேயே நிலைத்துவிடும். ஐந்து கட்டளையில் மூன்றாவதில் நின்றால், முதல் இரண்டும் உள்ளேதான் இருக்கும். அங்கே மறுதலை ஸ்கிரிப்ட் ஒவ்வொரு படிக்கும் தனித்தனியே வேண்டும். எந்தப் படியில் நின்றோம் என்று பார்த்து ஓட்ட வேண்டும்.

25ஆம் தேதிக் கூட்டத்தில் இந்த மாற்றத்தை முடித்து வைத்தோம். அன்றைய குறிப்பில் இரண்டு வரி புதிதாகச் சேர்ந்தது. சரிபார்ப்பு வினவல்கள் காலி மதிப்பையும் பிடிக்கின்றனவா என்று கோரிக்கையாளர் காட்ட வேண்டும் என்பது ஒன்று. கிளையில் அணைந்து கிடக்கும் கவுண்டர்களும் பதிப்புப் பட்டியலில் இடம்பெற வேண்டும், பதிப்பு பழையதானால் பில் திரை திறக்கவே கூடாது என்பது மற்றொன்று. இரண்டாவதற்கான மாற்றக் கோரிக்கை அடுத்த வாரமே வந்தது. ரோல்பேக் கட்டத்தில், எதுவரை செல்லும் என்ற நேரத்தைக் கோரிக்கையாளரே எழுதிக்கொண்டு வந்திருந்தார்.